நேரம் குறிக்கும் வாட்ஸ்அப் செய்தி: தடித்த எழுத்தும் எமோஜியும் எதுவரை?

வணக்கம். பல் மருத்துவமனை ஒன்றில் முன்பதிவுகளைக் கவனிக்கிறேன். நேரத்தை உறுதிசெய்ய நாங்கள் அனுப்பும் செய்தியைத் திருத்தி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

```
வணக்கம். உங்கள் பல் பரிசோதனை:
*வியாழன், காலை 10:30*

வர இயலுமா? புதன் மாலை 5 மணிக்குள் தெரிவிக்கவும்.
```

பழைய செய்தியில் பெயர், கிழமை, முகவரி, கட்டணம் என எல்லாமே தடித்த எழுத்தில் இருந்தன. அதனால் எதுவும் கண்ணில் படவில்லை, "எத்தனை மணிக்கு?" என்று திரும்பக் கேட்டார்கள். இப்போது கிழமையும் நேரமும் மட்டுமே தடித்திருக்கின்றன. நட்சத்திரக் குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விட்டால் தடிக்காது, குறி அப்படியே நிற்கும். இதையே எஸ்எம்எஸ்ஸாக அனுப்பினாலும் அதே கதைதான், ஆகவே அதற்குக் குறியில்லாத நகல் வைத்திருக்கிறேன். கணினியில் வரி பிரிக்க Shift + Enter. வெறும் Enter தட்டினால் பாதிச் செய்தி போய்விடுகிறது.

என் குழப்பம் எமோஜியில். சக ஊழியர் நேரத்துக்கு முன்னால் 🗓️, முடிவில் 🙏 வேண்டும் என்கிறார். முதலாவது சரி, தேடும் கண்ணுக்கு அடையாளம். கும்பிடு? பெரியவர்களுக்குப் பிடிக்கலாம், எனக்கென்னவோ கல்யாணப் பத்திரிகை வாசம் அடிக்கிறது. பல் பிடுங்க வருபவருக்கு 😊 அனுப்புவதில் எனக்குச் சம்மதமே இல்லை.

நீங்கள் எத்தனை எமோஜி வைக்கிறீர்கள்? நேரத்தை மாற்றும்போதும் ரத்து செய்யும்போதும் அறவே விட்டுவிடுகிறீர்களா? முடிந்தால் உங்கள் மாதிரிச் செய்தியையும் இடுங்கள்.