குக்கீயின் "சூயி" பதத்துக்குத் தமிழில் என்ன?

வணக்கம். அமெரிக்க பேக்கிங் நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை கெடு. சாக்லெட் சிப் குக்கீ மாவில் கூடுதலாக ஒரு மஞ்சள் கரு சேர்த்தால் "சூயி", ஒரு வெள்ளைக் கரு சேர்த்தால் "கிரிஸ்ப்" என்கிறது. பின்னதற்கு மொறுமொறுப்பு இருக்கிறது. முன்னதற்கு "மென்மை" என்று போட்டேன், திருத்துநர் அடித்துவிட்டார்.
– வ.

"மெல்லுமை" என்று வைக்கலாம். மெல்லுதலும் மென்மையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் துணிபு. மெல்ல மெல்லத்தானே பொருள் மெல்லிதாகிறது! மெல்லியல், மெல்லினம் எல்லாம் அங்கிருந்தே கிளைத்திருக்கும்.
– சீ.

ஐயா, இனம் இருக்கட்டும், பண்டத்தைப் பார்ப்போம். வெள்ளைக் கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம், கொழுப்பு இல்லையென்றே சொல்லலாம். அடுப்பில் புரதம் இறுகும், தண்ணீர் ஆவியாகும், உலர்ந்த கூடு நிற்கும். அதுதான் மொறுமொறுப்பு. மஞ்சள் கருவில் தண்ணீர் பாதிதான். கால் பங்குக்கு மேல் கொழுப்பு. அது மாவைப் பூசி பசைத்தன்மையைக் குறைக்கிறது. அதிலுள்ள லெசித்தின் நெய்ப்பையும் ஈரத்தையும் பிரியவிடாது. அதனால் நடுப்பகுதி காயாமல் இருக்கும், சுவையும் செறிவாகும். முழுக்க ஆறியதும் உடைத்துப் பாருங்கள். ஒன்று படக்கென முறியும், மற்றது வளைந்த பிறகே பிரியும். அந்த வளைவுக்குத்தான் சொல் வேண்டும்.
– ந.

அக்கா, நான் வெள்ளைக் கரு சேர்த்தபோது கேக் போல உப்பியதே? நுரை வர அடித்தது தப்பா?
– பா.

அடித்ததால் காற்றும் சேர்ந்திருக்கும். ஆனால் ஓரம் சிவந்ததுமே எடுத்திருப்பீர்கள், தண்ணீர் உள்ளேயே நின்றுவிட்டது. வெள்ளைக் கரு தானாக மொறுமொறுப்பைத் தராது. உலரும்வரை சுட வேண்டும்.
– ந.

அப்படியானால் பதம் என்றே சொல்லலாமே, பாகுக்குக் கம்பிப்பதம் போல. சவைத்தல் பழைய வினை. எனவே சவைபதம், மொறுபதம்.
– இ.

மொறுபதம் கூடாது. இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்பது தொல்காப்பியம். முறுகல் தனித்து நிற்கும், முறுகற்பதம் என்க.
– சீ.

முறுகல் என்றால் எங்களுக்குத் தோசைதான் நினைவுக்கு வரும். சவைபதம் எந்தச் சமையலறையில் புரியும்? ஜவ்வு என்றால் குழந்தைக்கும் தெரியும்.
– பா.

ஜவ்வு பல்லில் ஒட்டி இழுபடும். நல்ல குக்கீ அப்படி ஒட்டாது. எனக்கு "மென்று தின்னும் பதம்" போதும், நீளமானாலும்.
– ந.

சரி, நூலில் "மெல்லுபதம்", "மொறுமொறுப்பு" என்று போடுகிறேன். முதல் இடத்தில் மட்டும் அக்காவின் வளைவு விளக்கம் ஒரு வரி வரும். மூவர் சம்மதித்தார்கள்.
– வ.

மெல்லுபதத்தில் மெல்லுமை பாதி வந்துவிட்டது. மீதிப் பாதிக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
– சீ.