10.2 பிட்டும் பித்தளை டோக்கனும்: கருவி ஸ்டோரில் நேர்ந்தவை

ஸ்டோர் கிராணி, சுங்கை சிப்புட்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு செம்பனை ஆலையின் பட்டறையில் கருவி ஸ்டோரைக் கவனித்து வருகிறேன். டோக்கன் முறையில் கருவி வழங்கும் மற்ற இடங்களில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பி, எங்களிடம் நடந்த ஒன்றை முதலில் எழுதுகிறேன்.

எங்கள் முறை பழையது. ஒவ்வொரு ஃபிட்டரிடமும் அவருடைய எண் அடித்த பித்தளை டோக்கன்கள் பத்து இருக்கும். ஒரு கருவி வேண்டுமென்றால் ஒரு டோக்கனை ஜன்னலில் வைக்க வேண்டும். கருவி தொங்கிய கொக்கியில் அந்த டோக்கன் தொங்கும். கருவி திரும்பி வந்தால் டோக்கன் அவர் கைக்குப் போய்விடும். பலகையைப் பார்த்த மாத்திரத்தில் 32 ரிங் ஸ்பேனர் 14ஆம் எண்காரரிடம் இருப்பது தெரிந்துவிடும். தமிழர், மலாய்க்காரர், வங்காளதேசத்தார், நேப்பாளியர் எல்லோரும் வந்து போகும் ஜன்னலில் இந்த எளிமை பெரிய வசதி.

சென்ற பராமரிப்பு நிறுத்தத்தின்போது, ஒரு கன்வேயர் பேரிங் உட்காரும் தகட்டில் எம்12 போல்ட்டுக்காக நான்கு துளைகள் போட்டு மரை வெட்டினார்கள். இறுக்கும்போது இரண்டு போல்ட்டுகள் கடைசி முறுக்கில் சும்மா சுழன்றன. மரை உரிந்து போல்ட்டோடு சுருளாக வந்துவிட்டது. மரை வெட்டும் டேப் தேய்ந்துவிட்டது என்று ஃபிட்டர் சொன்னார். ஆனால் அதே டேப் செட்டில் அன்று காலை வெட்டிய வேறொரு தகடு ஒழுங்காக இருந்தது. உரியாமல் இருந்த துளை ஒன்றில் புது போல்ட்டை விரலால் ஏற்றிப் பார்த்தேன். பாதி இறங்கிய பிறகும் பக்கவாட்டில் ஆடியது. மரையின் ஆழம் போதவில்லை என்றால் துளையே பெரிதாக விழுந்திருக்க வேண்டும்.

துளை போட்ட பிட்டை வாங்கி, நுனியில் இரு ஓரங்களுக்கும் குறுக்கே வெர்னியரை வைத்தேன். 10.5 மில்லிமீட்டர் காட்டியது. அது 10.2 எண் போட்ட துளையில் நின்றிருந்த பிட். சாதாரண எம்12 மரையின் பிட்ச் 1.75 என்பதால் 10.2 துளைதான் போடுவது வழக்கம். வழக்கமான 6எச் அளவுப்படி மரையின் உள்விட்டம் 10.441க்கு மேல் போகக்கூடாது. 10.5 பிட் நேராக வெட்டினாலே அந்த எல்லையைத் தாண்டும். இந்தப் பிட்டையோ யாரோ கையால் சாணை பிடித்திருந்தார்கள். ஒரு வெட்டுவாய் மற்றதைவிட நீளமாக இருந்தது. அப்படிப்பட்ட பிட் தன் அளவைவிடப் பெரிய துளையைத்தான் போடும். தண்டில் அச்சிட்டிருந்த அளவும் இல்லை. சக்கில் வழுக்கிச் சுழன்ற கோடுகள் மட்டும் இருந்தன.

இந்தப் பிட் 10.2 இடத்துக்கு எப்படி வந்தது என்று தேடியபோதுதான் முறையின் ஓட்டை தெரிந்தது. பலகையில் ஒன்றும் இல்லை. எல்லாக் கருவியும் திரும்பிவிட்டதால் எல்லா டோக்கனும் உரியவரிடம் போய்விட்டன. பதிவேட்டில் வழங்கிய நாளும் எண்ணும் இருந்தன, திரும்பிய பத்தியில் வெறும் சரி அடையாளம். அந்த இரண்டு வாரத்தில் மூன்று பேர் 10.2ஐ எடுத்துத் திருப்பியிருக்கிறார்கள். அதே காலத்தில் 10.5 பிட் ஒன்று காணவில்லை என்று எழுதிப் புதிதாக வாங்கியும் விட்டோம். தொலைந்ததாக எழுதிய பிட் ஒரு விரல் தூரத்தில், பக்கத்துத் துளையில் நின்றிருந்திருக்கிறது.

உண்மையான 10.2 எங்கே? என் ஊகம் இதுதான்: அது யாரோ ஒருவர் கையில் உடைந்தது, டோக்கனை மீட்க வேண்டும், பெஞ்சில் அளவு அழிந்த ஒரு பிட் கிடந்தது, அதைக் கொண்டுவந்து ஜன்னலில் நீட்டினார். கூட்டம் நிற்கும் நேரத்தில் வாங்குகிறவரும் பிட் என்று கண்டு டோக்கனைக் கொடுத்துவிட்டார். இதை நிரூபிக்க முடியாது, நிரூபிக்க முயலவும் இல்லை.

அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். பிட்டும் டேப்பும் திரும்பினால் நுனியை அளந்து, வெட்டுவாயைப் பார்த்து, பதிவேட்டில் அளவும் நிலையும் எழுதிய பிறகுதான் டோக்கன் போகும். உடைந்திருந்தால், துண்டுகள் எல்லாம் வந்து சேர்ந்தால் போதும், கேள்வி கேட்காமல் டோக்கன் கொடுத்துவிடுகிறோம். உங்கள் இடத்தில் எப்படி?

டிராக்டர் பட்டறை, சிலிம் ரிவர்

ஐயா, திருட்டுத்தான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறேன். எங்கள் தோட்டப் பட்டறையிலும் ஸ்பேனர்கள் காற்றில் கரைந்துகொண்டிருந்தன. தொலைந்த கருவியின் விலையைச் சம்பளத்தில் பிடிப்போம் என்று பலகையில் எழுதி மாட்டியதும் தொலைவது நின்றுவிட்டது. வேலையை விட்டுப் போகிறவர் எல்லா டோக்கனையும் ஒப்படைத்த பிறகே கிராணி கடைசிக் கணக்கு முடிப்பார் என்பதும் எங்கள் விதி. கேள்வி கேட்காமல் டோக்கன் கொடுத்தால் நாளை எல்லோரும் உடைந்த துண்டோடு வந்து நிற்பார்கள்.

ஓய்வுபெற்ற லேத்காரர், ஈப்போ

தம்பி, டோக்கனைச் சரிபார்த்து ஆளை அனுப்புவது நல்ல வழக்கம். சம்பளத்தில் பிடிப்பது வேறு விஷயம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு எந்தப் பிடித்தங்கள் செல்லும் என்று வரையறுத்திருக்கிறது. தொலைந்த ஸ்பேனருக்கு முதலாளி தாமாகவே ஒரு தொகை போட்டுப் பிடித்துக்கொள்ள அது இடம் தரவில்லை. பலகையில் எழுதி மாட்டுவதற்கு முன் தொழிலாளர் இலாகாவில் கேட்டிருக்க வேண்டும். அதோடு, பிடித்தம் உண்டு என்று பயந்த இடத்தில்தான் கிராணி சொன்னது போல ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை நீட்டுவார்கள். உங்களிடம் தொலைவது நின்றதா, அல்லது எண்ணிக்கை மட்டும் சரியாக வருகிறதா என்று பெட்டியைக் கொட்டி அளவு பார்த்துச் சொல்லுங்கள். 19 ஸ்பேனரின் இடத்தில் வாய் விரிந்த 18 இருந்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

கிராணி ஐயாவுக்கு ஒன்று. நுனியில் அளந்தது மிகச் சரி. பிட்டின் உடல் தண்டை நோக்கிச் சிறிதளவு ஒடுங்கும் என்பதால் நடுவில் அளந்தால் குறைவாகக் காட்டும். பலமுறை சாணை பிடித்துக் குட்டையான பிட்டிலும் அந்தக் குறைவு உண்டு. அது மட்டுமல்ல, உள்ளே நடுத்தண்டு தண்டை நோக்கித் தடித்துக்கொண்டே போவதால், குட்டையான பிட்டின் நடுமுனை அகலமாகிவிடும்; அழுத்தினால்தான் இறங்கும், சீக்கிரம் சூடேறும். பதிவேட்டில் நீளத்தையும் எழுதி வந்தால் எந்தப் பிட்டை ஒதுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். சாணையை ஒருவர் மட்டும் பிடிக்கட்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஃபிட்டர் எவரும் பிட்டைத் தாமே தீட்டக்கூடாது. மழுங்கினால் ஜன்னலில் கொடுத்து வேறு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரட்டை டோக்கனும் அங்கே இருந்தது. ஆளின் டோக்கன் கருவியின் கொக்கியில் தொங்கும். கருவிக்கென்று உள்ள இன்னொரு டோக்கன் ஆளின் பெயருக்கான கொக்கியில் தொங்கும். ஒற்றை முறையில் கருவியிலிருந்து ஆளைக் கண்டுபிடிக்கலாம்; ஒரே ஆளிடம் என்னென்ன இருக்கிறது என்று அறியப் பலகை முழுவதும் தேட வேண்டும். இரட்டை முறையில் அதுவும் ஒரே இடத்தில் தெரியும். ஆனாலும் திரும்பிய பின் கதை அழிந்துபோவது இரண்டிலும் ஒன்றுதான். அதற்குப் பதிவேடு இல்லாமல் முடியாது.

இரவு ஷிப்ட் ஃபிட்டர், பீடோர்

என் கதை வேறு, பிட் இல்லை, 24 அங்குல பைப் ரெஞ்ச். என் டோக்கனில் எடுத்தேன். ஸ்டெரிலைசர் பக்கம் ஒரு நீராவிக் குழாய் கசிந்ததால் கூட வேலை செய்தவர் அவசரமாகக் கேட்டார், கொடுத்தேன். அவர் இன்னொருவருக்குக் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டார். போகும்போது அவருடைய பத்து டோக்கனும் சரியாக இருந்தன, ஏனென்றால் கொக்கியில் தொங்கியது என்னுடையது. டிராக்டர் பட்டறை அண்ணன் சொல்லும் கடைசிக் கணக்கு இங்கே எதையும் பிடித்திருக்காது.

கை மாறினால் இருவரும் ஜன்னலுக்குப் போய் டோக்கனை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று இப்போது விதி போட்டிருக்கிறார்கள். பகலில் சரி. இரவில் ஸ்டோர் பூட்டியிருக்கும், சாவி சூப்பர்வைசரிடம், அவர் பாய்லர் பக்கம். குழாய் கொதித்துக்கொண்டிருக்கும்போது யார் போய்ச் சாவி வாங்குவது?

கணக்குப் பிரிவு, கோலாலம்பூர்

பித்தளையெல்லாம் விட்டுவிட்டு பார்கோடு வைத்தால் எல்லாம் தீர்ந்துவிடுமே. யார் எடுத்தார், எப்போது திருப்பினார், முழு வரலாறும் கணினியில் நிற்கும்.

ஸ்டோர் கிராணி, சுங்கை சிப்புட்

வரலாறு நிற்கும் என்பதை மறுக்கவில்லை. சிறிய பிட்டின் தண்டில் பார்கோடு ஒட்ட இடமில்லை, ஒட்டினாலும் சக்கில் முதல் சுற்றிலேயே போய்விடும். நிற்கும் தட்டில்தான் ஒட்ட வேண்டும். அப்படியானால் 10.2 தட்டின் கோட்டை ஸ்கேன் செய்து 10.5 பிட்டை உள்ளே வைப்பதை அது தடுக்காது. பெரிய கருவிகளுக்கு நிச்சயம் உதவும். டார்க் ரெஞ்ச், புல்லர் ஆகியவற்றுக்கு மேலிடத்தில் கேட்டிருக்கிறேன்.

லேத்கார ஐயா, நீளம் எழுதும் பத்தியை இந்த வாரமே சேர்த்துவிடுகிறேன். பெட்டியைக் கொட்டி அளவு பார்க்க நீங்கள் சிலிம் ரிவர்காரருக்குச் சொன்னபடி, நாங்களும் அளவு அழிந்த பிட்டுகளை எல்லாம் ஒரு நாள் உட்கார்ந்து அளந்தோம். தண்டில் மீண்டும் பொறிக்கலாமா என்று யோசித்தபோது, பொறித்த இடம் மேடிட்டால் சக்கில் சரியாக உட்காராது என்று எங்கள் ஃபோர்மன் தடுத்தார். அதனால் அளவு தெரியாத பிட் ஒன்றும் தட்டில் நிற்கக்கூடாது, தனி டப்பாவுக்குப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

ஐந்து மணிக்கு எல்லோரும் ஒன்றாகத் திருப்ப வரும்போது அளப்பது நடக்காத காரியம் என்று முதலில் தெரியவில்லை, வரிசை பட்டறை வாசல் வரை நின்றது. இப்போது பிட்டையும் அவருடைய டோக்கனையும் ஒரே சின்னத் தட்டில் போட்டு வைத்து, மறுநாள் காலையில் அளந்து டோக்கனைத் தருகிறோம். பத்தில் மூன்று நான்கு இரவு முழுவதும் எங்களிடமே கிடக்கின்றன என்று ஃபிட்டர்கள் முணுமுணுக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் ஆளுக்கு இரண்டு டோக்கன் கூடுதலாக அடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

இரவு ஷிப்ட் தம்பி கேட்டதற்குத்தான் என்னிடம் விடை இல்லை. ஸ்டோர் கதவில் துளை வைத்த பெட்டியொன்று மாட்டி, கை மாற்றிய இருவரும் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போடும்படி சொல்லிப் பார்த்தோம். முதல் மாதம் சீட்டுகள் வந்தன, இப்போது அநேகமாக வருவதில்லை. வேறு யாராவது இரவில் நடத்திக் காட்டியிருந்தால் எழுதுங்கள்.

இரவு ஷிப்ட் ஃபிட்டர், பீடோர்

கிராணி அண்ணே, எங்களுக்குப் பேனாவும் சீட்டும் வேண்டாம், கையில் எண்ணெய் இருக்கும். வாங்குகிறவர் தன் டோக்கனை அங்கேயே என்னிடம் கொடுத்துவிட்டால் காலையில் நான் ஜன்னலில் கொடுத்து என்னுடையதை மீட்டுக்கொள்கிறேன். எங்கள் கும்பலுக்குள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். ஸ்டோரில் இதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை. ஒருவரின் டோக்கன் இன்னொருவர் பையில் இருக்கக்கூடாது என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற லேத்காரர், ஈப்போ

அவர்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பையில் பிறர் டோக்கன் இருந்தால் அதை வைத்தே பிறர் பெயரில் கருவி எடுக்கலாம். ஆளைப் பார்த்து எண்ணைச் சரிபார்த்து வாங்கும் கிராணி இருக்கும் ஸ்டோரில் பயமில்லை. ஜன்னலில் ஆள் அடிக்கடி மாறும் இடத்தில் நான் சம்மதிக்க மாட்டேன்.