ஒரே வாயிலிருந்து வந்த தடயங்களை அட்டவணையில் எப்படிக் குறிப்பது?

வணக்கமுங்க. எங்கள் அப்பாரு தென்னந்தோப்பு ஓரமாக நிற்கும் பழைய படம் ஒன்று, எந்த ஊரில் எடுத்தது என்று மாதக்கணக்கில் தேடுகிறேன். கூகுள் ஷீட்டில் தடயம், மூலம், நம்பிக்கை என மூன்று பத்திகள். வரிகள் கூடுகின்றன, ஊர் மட்டும் உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இழுபறியாகவே நிற்கிறது.

படத்தில் ஒரு மொபெட், எண் TN 41. அது பொள்ளாச்சிப் பதிவு. வண்டி எங்கே பதிவானது என்பதை மட்டும்தான் அது சொல்லும், அதனால் நம்பிக்கை 'குறைவு'. பின்னால் காற்றாலைகள், அவை இரண்டு பக்கமும் உண்டு. மலை விளிம்பைக் கூகுள் எர்த்தில் ஒப்பிட்டேன். கேமரா தெற்கே ஆனைமலையைப் பார்க்கிறது என்பது 'உயர்வு', எந்த ஊரிலிருந்து என்பது 'நடுத்தரம்'. ஒரே தடயம்தான், ஆனால் சொல்வது இரண்டு என்பதால் இரண்டு வரியாகப் பிரித்துவிட்டேன். அது சரியாகவே வேலை செய்கிறது.

சிக்கல் இதில்தான்: மாமா "உடுமலைப் பக்கம்" என்கிறார். படத்தின் பின்புறம் 'உடுமலை' என்று எழுதியிருக்கிறது. அத்தையும் அதையே சொல்கிறார். விசாரித்தால் பின்புறம் எழுதியது மாமா, அத்தை அதைப் படித்துத்தான் சொல்கிறார்! மூன்று வரி, உண்மையில் ஒரே சாட்சி. நீக்கினால் யார் என்ன சொன்னார் என்ற பதிவு போய்விடும், வைத்தால் உடுமலையின் பலம் பொய்யாக ஏறும். வண்ணம் பூசிப் பார்த்தேன், எண்ணும்போது வண்ணம் கணக்கில் வருவதில்லை. 'யார் சொல்லித் தெரியும்' என்று நான்காவது பத்தி சேர்த்தேன், அப்போதும் மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண் விழுகிறது.

இப்படி ஒன்றை ஒன்று சார்ந்த வரிகளை அழிக்காமல், நம்பிக்கையை ஒரே முறை மட்டும் எண்ணும்படி அட்டவணையை எப்படி அமைக்கிறீர்கள்?