ஆடிட்டர் தாமதத்தால் போன பணத்தை யாராவது திரும்ப வாங்கியிருக்கிறீர்களா?

தொண்டி பண்ணை:
2022-23-ல் இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் விழுந்து இரண்டு குளமும் போய்விட்டன. 14 லட்சம் நட்டம். அடுத்த வருஷ லாபத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று ஜூன் மாதமே பில் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் ஆடிட்டருக்கு அனுப்பினேன், நீல டிக் இருக்கிறது. கடைசி நாள் 2023 ஜூலை 31. அவர் ஆபீஸில் ரிட்டர்ன் போட்டது ஆகஸ்ட் 9. எனக்கு யாரும் சொல்லவில்லை. அடுத்த வருஷம் 13 லட்சம் லாபம் வந்தது. அப்புறம் வருமான வரித் துறையிலிருந்து மெயிலில் 143(1) இன்டிமேஷன் வந்தது. பழைய நட்டம் என்ற வரியில் நாங்கள் போட்டது 13,00,000, பக்கத்தில் அவர்கள் கணக்கு 0. அந்த 0 இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வரி மட்டும் 1,14,400 ரூபாய், வட்டி தனி. என் 14 லட்சத்தை அவரிடம் கேட்கலாமா?

தேவிபட்டினம் ராஜா:
தாராளமாகக் கேளுங்கள் அண்ணே, முழு 14 லட்சமும். ஃபீஸ் வாங்கியிருக்கிறார், இது சேவைக் குறைபாடு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடலாம், வக்கீல்கூட வேண்டியதில்லை. என் மச்சான் ஃபிரிட்ஜுக்கு அப்படித்தான் வாங்கினார்.

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
என் கதை இஞ்சினியரோடு. பழைய கட்டடம் வாங்கும்போது விற்றவர் ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட் காட்டினார். கையெழுத்துப் போட்ட இஞ்சினியரை நான் பார்த்ததே இல்லை. மேல்தளத்தில் பூச்சு உதிர்ந்ததும் உள்ளே பார்த்தால் கம்பி துருவேறி விரலால் தட்டினாலே செதிலாக வந்தது. யாருக்கும் அடி இல்லை, எதுவும் இடிந்து விழவில்லை. ஆனால் ரிப்பேருக்கு என் பணம் போனது. இஞ்சினியரிடம் கேட்டால், “உங்களுக்கா நான் சர்டிபிகேட் கொடுத்தேன்?” என்கிறார்.

பரமக்குடி வரி ஆலோசகர்:
ராஜா தம்பி, பாதிதான் சரி. 14 லட்சத்தைத் தின்றது நோய், ஆடிட்டர் இல்லை. அவர் தவறால் போனது அந்த நட்டத்தைக் கழிக்கும் உரிமை. அதாவது, நேரத்துக்குப் போட்டிருந்தால் கட்டவேண்டி வந்திராத வரி, அதன் வட்டி. ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவும் மீறலால் இயல்பாக வரும் இழப்பைத்தான் தரும். 14 லட்சம் என்று மனு போட்டால் முதல் நாளே எதிர்த்தரப்பு இதைத்தான் பிடிக்கும்.

அண்ணே, அந்த 14-ல் தேய்மானம் எவ்வளவு? ஏரியேட்டர், ஜெனரேட்டர் வைத்திருப்பீர்களே. தாமதமாகப் போட்டால் தொழில் நட்டம்தான் போகும். தேய்மானத்தை வருமான வரிச் சட்டம் 32(2)-ன்படி அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகலாம், ரிட்டர்ன் தாமதம் அதைத் தடுக்காது. அதற்கு ITR-3-ல் Schedule UD தனியாக இருக்கும். மொத்தத்தையும் நட்டத்துக்கான Schedule CFL-ல் போட்டிருந்தால் ஆடிட்டரின் இரண்டாவது தவறு அது. 4 லட்சம் தேய்மானம் என்று வைத்தால் வருமானம் 9 லட்சமாகி, புதிய முறையில் வரி 46,800 ஆகும். திருத்தக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி 119(2)(b)-ல் மனு போடலாம். 2024 அக்டோபர் சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 வருஷம் வரை நேரம், உங்களுக்கு 2029 மார்ச் 31 வரை. உண்மையான கஷ்டம் என்று காட்டவேண்டும், கிடைக்கும் என்று உறுதி இல்லை. மனுவே போடாமல் வழக்குக்குப் போனால், இழப்பைக் குறைக்க நீங்கள் முயலவில்லை என்பார்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷக் கெடு. ஆடிட்டர் தரப்பில் ஜூலை 31-லிருந்து எண்ணுவார்கள், நீங்கள் இன்டிமேஷன் தேதியிலிருந்து எண்ணுவீர்கள். அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சிவில் கோர்ட்டில் 3 வருஷம்.

தேவிபட்டினம் ராஜா:
அப்போ சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் சங்கத்தில் புகார் கொடுத்தால் பணம் வராதா?

பரமக்குடி வரி ஆலோசகர்:
அது ஒழுங்கு நடவடிக்கை. கவனக்குறைவு நிரூபணமானால் அவருக்குத் தண்டனை உண்டு. அண்ணனின் வரிப்பணத்தைத் திருப்பி வாங்க அது வழியல்ல. பயமுறுத்துவதற்காகக் கொடுக்காதீர்கள்.

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
எல்லோரும் ஆடிட்டரையே பேசுகிறீர்கள். எனக்கு ஒப்பந்தமே இல்லையே?

பரமக்குடி வரி ஆலோசகர்:
அதுதான் உங்கள் சிக்கல், நான் கட்டட வழக்குகள் பார்ப்பவன் இல்லை. ஆனால் 1963-ல் இங்கிலாந்தில் ஹெட்லி பைர்ன் வழக்கில், ஒருவரின் வார்த்தையை இன்னொருவர் நம்பி நடப்பார் என்று தெரிந்தே சொன்னால், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் வெறும் பண இழப்புக்குப் பொறுப்பு வரலாம் என்றார்கள். அதே வழக்கில் அப்படி வார்த்தை சொன்ன வங்கி ‘பொறுப்பேற்கவில்லை’ என்று எழுதிக் கொடுத்திருந்ததால் தப்பித்தது. உங்கள் சர்டிபிகேட் யார் பெயருக்கு, எதற்காகக் கொடுத்தது, கீழே என்ன எழுதியிருக்கிறது?

மண்டபம் ஐஸ் பிளாண்ட்:
‘சம்பந்தப்பட்டவர்களுக்கு’ என்று மட்டும் இருக்கிறது. விற்பனைக்கு என்று இல்லை. கீழே சீல் மறைத்த ஒரு வரி இருக்கிறது, படிக்க முடியவில்லை. ஒரிஜினல் விற்றவரிடம்தான்.

தொண்டி பண்ணை:
அண்ணே, தேய்மானம் 3.8 லட்சமாம், பழைய ஆடிட்டர் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில்தான் போட்டிருக்கிறார். அவரிடம் ஃபீஸைப் பணமாகத்தான் கொடுத்தேன், ரசீது இல்லை. ஜிபேயில் ஒரு தவணை மட்டும் போயிருக்கிறது, அது போதுமா?