புதுப்பிப்பு: புது விடுப்பு மென்பொருள் பற்றிய மெயில், எது பலித்தது

நான் கேட்டது: “திங்கள் முதல் புது மென்பொருளில்தான் விடுப்பு கேட்க வேண்டும். ஊழியர்கள் படிக்கிற மாதிரி மெயில் எழுதுவது எப்படி?”

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மெயில் போய் இரண்டு வாரமாகிறது.

எந்த நாள், என்ன செய்ய வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே வைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. “திங்கள் காலை 9 முதல் விடுப்பு விண்ணப்பம் புது மென்பொருளில் மட்டும்” என்று வைத்தேன். பழைய மென்பொருளில் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் விண்ணப்பங்கள் என்னாகும் என்பதையும் எழுதச் சொன்னார் அந்த யோசனை தந்தவரே. அது எனக்குத் தோன்றவே இல்லை. “வெள்ளி மாலைக்குள் ஒப்புதல் வராவிட்டால் புதியதில் மறுபடி விண்ணப்பியுங்கள்” என்று முதல் வரியிலேயே சேர்த்தேன்.

புது வசதிகளையெல்லாம் அடுக்கச் சொன்னவர் பாதி சரி. மேலாளர்கள் மட்டுமே அவற்றைக் கேட்டார்கள். அவர்களுக்குத் தனி மெயில் போட்டேன். சம்பள மென்பொருளை நிறுவும் வழி சொன்னவருக்கும் நன்றி, ஆனால் நான் கேட்டது அதுவல்ல.

எதிர்பாராதது ஒன்று. லிங்க் வெளி முகவரிக்குப் போனதால், மோசடி மெயில் என்று பலர் ஐடி குழுவிடம் புகார் செய்துவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். அப்புறம் லிங்கை எடுத்துவிட்டு, “அலுவலக முகப்புப் பக்கத்தில் ‘விடுப்பு’ பொத்தானை அழுத்துங்கள்” என்று திருத்தி அனுப்பினேன். புகார் நின்றது.

உதவி எண்ணை இரவு ஷிப்டில் எடுக்க ஆளில்லை. அது இன்னும் தீரவில்லை.