கொலு பொம்மை போஸ்ட்: ஒரு இடத்தில் 198, எக்ஸில் 26 அதிகம், படத்தில் எழுத்து உடைகிறது

மயிலை_பொம்மைக்கடை

வணக்கம். என் சித்தி நவராத்திரிக்கு மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடை போடுவார், அவருடைய பக்கங்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நேற்று ராத்திரி ஒரே போஸ்ட்டை இன்ஸ்டா, ப்ளூஸ்கை, எக்ஸ் மூன்றுக்கும் காலை 9 மணிக்கு ஷெட்யூல் செய்துவிட்டுப் படுத்தேன். இன்ஸ்டாவில் வந்துவிட்டது, ப்ளூஸ்கையிலும் வந்துவிட்டது, எக்ஸ் மட்டும் "ஃபெயில்டு" என்று சிவப்பில் நிற்கிறது. ஷெட்யூல் செய்யும் ஆப்பில் 198 எழுத்து என்றுதான் காட்டியது. நம்பாமல் பேப்பரில் எழுதி விரல் விட்டும் எண்ணினேன், ஒன்றிரண்டு முன்னே பின்னே அதேதான். அதையே எக்ஸில் நேராக ஒட்டினால் -26 என்கிறது! 280-க்கு 198 எப்படி அதிகமாகும்? போஸ்ட்டில் தமிழ்தான் எல்லாம், கூடவே கடைக்கு வழி காட்டும் ஒரு லிங்க், மூன்று எமோஜி (🪔🪔👨‍👩‍👧‍👦), அவ்வளவுதான்.

இரண்டாவது பிரச்சினை படத்தில். விலை தினமும் மாறுவதால் பைத்தானில் பில்லோ வைத்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன், ஒரே பின்னணிப் படத்தில் பொம்மைப் பெயரையும் விலையையும் அச்சிடும். "வணக்கம்" என்று போட்டுச் சோதித்தபோது அழகாக வந்தது. "கொலு பொம்மை" என்று போட்டால் ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது, லு-வில் ல தனியாக, வால் தனியாக. ஃபான்ட் நோட்டோ சான்ஸ் தமிழ். விண்டோஸ் லேப்டாப். சனிக்கிழமைக்குள் சரியாக வேண்டும், யாராவது உதவுங்கள்.

கோடம்பாக்கம்_பையன்

எக்ஸில் இங்கிலீஷ் இல்லாத எழுத்து எல்லாமே டபுளாகக் கணக்காகும் அக்கா, ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் 2. அதோடு எமோஜி வேறு இழுக்கும், அந்தக் குடும்ப எமோஜி உள்ளே நாலு பேர் இருப்பதால் 8 ஆகிவிடும். எமோஜியை எல்லாம் தூக்கிவிடுங்கள், போய்விடும். படத்துக்கு ஃபான்ட்டை மாற்றிப் பாருங்கள், லதா போடுங்கள்.

மயிலை_பொம்மைக்கடை

லதா போட்டேன் தம்பி, உடைந்த எழுத்து இன்னும் தடிமனாக உடைந்து வருகிறது. எமோஜி மூன்றையும் எடுத்தால் -20. அப்படியானால் மூன்றும் சேர்ந்து 6-தான்.

கணக்குப்பிள்ளை

தம்பி சொன்னதில் பாதி சரி. எக்ஸில் டபுள் கணக்கு உண்டு, ஆனால் அது சீனம், ஜப்பானியம், கொரியன் போன்ற எழுத்துகளுக்கு. தமிழ் அதில் வராது, இங்கிலீஷ் மாதிரி ஒன்றுக்கு ஒன்றுதான். பிரச்சினை எதை "ஒன்று" என்று எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது. நமக்குக் "கொ" ஒரு எழுத்து. கம்ப்யூட்டரில் சேமிப்பது க ஒன்று, ொ ஒன்று, ஆக இரண்டு குறி. "ம்" கூட ம ஒன்று, புள்ளி ஒன்று. எக்ஸ் குறிகளை எண்ணும். ப்ளூஸ்கை கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணும், அங்கே வரம்பு 300. உங்கள் ஆப் ப்ளூஸ்கை கணக்கையே எல்லாவற்றுக்கும் காட்டியிருக்கிறது, அதனால்தான் உங்கள் விரல் கணக்கோடு ஒத்துப்போனது.

உங்கள் கடை வரி மாதிரி ஒன்றை எண்ணிப் பாருங்கள்:

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மை வந்தாச்சு

நாம் எண்ணினால் இடைவெளி உட்பட 32. எக்ஸ் எண்ணினால் 53. "மயிலாப்பூர்" மட்டுமே நமக்கு 6, அதற்கு 11. "மாட" என்பதில் கால் ஒன்றுதான் கூடுதல், அதனால் நமக்கு 2, அதற்கு 3. ஒற்றும் உகரமும் நிறைய வரும் வரிதான் வீங்கும். சாதாரண எழுத்துநடைக்கு ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவாக, 1.66 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் போஸ்ட். எக்ஸ் எந்த லிங்க்கையும் 23 என்றே எண்ணும், நீளமோ குட்டையோ. எமோஜி எதுவானாலும் 2, குடும்பத்தில் நாலு பேர் இருந்தாலும் 2. ஆக லிங்க்குக்கு 23, எமோஜிக்கு 6, மீதி 251-தான் தமிழுக்கு. அதை 1.66-ஆல் வகுத்தால் சுமார் 150 எழுத்து. லிங்க்கும் எமோஜியும் போக நீங்கள் எழுதியது எத்தனை?

மயிலை_பொம்மைக்கடை

ஆப்பின் 198-இல் லிங்க் 28, எமோஜி 3 போனால் 167 வருகிறது சார். அப்படியானால் 17 எழுத்து குறைக்க வேண்டுமா?

கணக்குப்பிள்ளை

கிட்டத்தட்ட. உங்கள் -26-உம் இதே கணக்கில்தான் வருகிறது: 23, 6, தமிழுக்கு 277, மொத்தம் 306.

கோடம்பாக்கம்_பையன்

ஷீட்டில் வைத்திருந்தால் =LEFT(A2,280) போட்டால் தானாகவே வெட்டிவிடுமே அண்ணா, இதற்கு எதற்கு வகுத்தல் எல்லாம்.

கணக்குப்பிள்ளை

வெட்டும், எங்கே வெட்டும் என்பதுதான் கேள்வி. 280-ஆவது குறி "பொம்மை"யின் முதல் ம-வாக இருந்தால் புள்ளி கழன்று "பொம" என்று முடியும். கொ-வில் விழுந்தால் வெறும் க. லிங்க் கடைசியில் இருந்தால் அதுவும் பாதியில் போகும், அப்புறம் வழி கேட்டு வருகிறவர் கபாலி கோயிலையே சுற்றிக்கொண்டிருப்பார். எண்ணுவதற்கு ஷீட் பயன்படும், வெட்டுவதை ஆள்தான் செய்ய வேண்டும். =LEN(A2) தமிழுக்கு எக்ஸ் எண்ணும் அதே எண்ணைத்தான் தரும், மேலே சொன்ன வரிக்கு 53. எமோஜியில்தான் மாறும்: 🪔 அங்கேயும் 2, ஆனால் குடும்ப எமோஜிக்கு LEN 11 என்னும். அது அதிகமாகக் காட்டுவதால் ஆபத்தில்லை. லிங்க் 23-ஐ விடக் குட்டையாக இருந்தால் மட்டும் ஷீட் குறைத்துக் காட்டும், அங்கே ஏமாறலாம்.

திருவான்மியூர்_ட்யூஷன்

நாங்கள் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புகிறோம். 160 எழுத்து என்று சொல்லி விற்றார்கள், தமிழில் அனுப்பினால் ஒரு மெசேஜுக்கு இரண்டு மூன்று மெசேஜ் காசு போகிறது. இதே பிரச்சினைதானே? 280-ஐ எப்படி வாங்குவது?

கணக்குப்பிள்ளை

280 எக்ஸுக்கு, உங்களுக்கு இல்லை. எஸ்.எம்.எஸ்.ஸில் தமிழ் வந்தால் 160 என்பது 70 ஆகிவிடும், அதைத் தாண்டினால் துண்டுக்கு 67. அங்கேயும் புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் கணக்கு, ஆகவே நமக்குத் தெரிகிற எழுத்தில் 40 சொச்சம்தான். எமோஜி போடாதீர்கள், முழு மெசேஜும் இங்கிலீஷில் இருந்தாலும் ஒரே ஒரு எமோஜி 160-ஐ 70 ஆக்கிவிடும்.

ராயப்பேட்டை_அச்சகம்

படத்துக்கு நான் சொல்கிறேன் மேடம். பாமினியில் அடியுங்கள், எந்த சாஃப்ட்வேரிலும் உடையாது. இருபது வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறோம், ஒரு கொம்பு இடம் மாறியதில்லை.

மயிலை_பொம்மைக்கடை

அண்ணா, போன வருஷம் ஒரு டிசைனர் அப்படித்தான் அனுப்பினார். போஸ்டர் அருமையாக இருந்தது, அதே வரியை எடுத்து கேப்ஷனில் ஒட்டினால் nfhY nghk;ik என்று வந்தது. சித்தி பார்த்துவிட்டு ஃபோன் கெட்டுப்போச்சா என்று கேட்டார்.

கணக்குப்பிள்ளை

அச்சகத்துக்காரர் சொல்வது உண்மைதான், காரணமும் அந்த வரியிலேயே இருக்கிறது. பாமினியில் n என்பது கொம்பு, f என்பது க, h என்பது கால். கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிக்கிறோம், லு-வுக்கு Y என்று தனி விசையே உண்டு. அதனால் சாஃப்ட்வேருக்கு எதையும் இடம் மாற்றும் வேலை இல்லை. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகுதான் சேமிக்கப்படும், வரையும்போது யாராவது கொம்பை முன்னால் இழுத்து, ல-வையும் உகரத்தையும் ஒட்டவைக்க வேண்டும். அந்த வேலையைத்தான் உங்கள் பில்லோ செய்யவில்லை. ஃபான்ட்டின் மேல் தப்பில்லை, லதா என்ன, எதைப் போட்டாலும் இப்படித்தான் உடையும். அச்சுக்கு மட்டும் என்றால் பாமினி ஓடும், கேப்ஷனுக்கும் அதே வரி வேண்டும் என்றால் வேண்டாம்.

"வணக்கம்" வைத்துச் சோதித்ததுதான் உங்களை ஏமாற்றியது. அதில் கொம்பும் இல்லை, உகரமும் இல்லை, இருப்பது புள்ளி மட்டும். எதுவும் இடம் மாற வேண்டியதில்லை, ஆகவே சரியாக வந்த மாதிரி தெரியும். "கொலு பொம்மை"யே நல்ல சோதனை வரி. இதை ஓட்டிப் பாருங்கள்:

```
from PIL import features
print(features.check("raqm"))
```

மயிலை_பொம்மைக்கடை

False.

கணக்குப்பிள்ளை

அதுதான். எழுத்துகளைக் கோத்துக்கொடுக்கிற ராக்ம் உங்கள் பில்லோவுக்குள்ளேயே இருக்கும், ஆனால் அது ஓடுவதற்கு ஃப்ரிபிடி என்ற இன்னொன்று வேண்டும், அது விண்டோஸில் தானாக வராது. fribidi.dll கோப்பை python.exe இருக்கும் ஃபோல்டரில் வையுங்கள், 64 பிட் பைத்தானுக்கு 64 பிட் கோப்பு. கண்ட தளத்திலிருந்து இறக்காதீர்கள். உபுண்டுவில் இருப்பவர்களுக்கு sudo apt install libfribidi0 போதும். பிறகு True வந்தால் ஸ்கிரிப்டில் ஒன்றும் மாற்ற வேண்டாம்.

மயிலை_பொம்மைக்கடை

முதலில் 32 பிட் கோப்பை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் False-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். மாற்றியதும் True! கொலு கொலுவாகவே வந்துவிட்டது. எக்ஸ் போஸ்ட்டில் "குடும்பத்தோடு வாருங்கள்" என்பதையும் அந்தக் குடும்ப எமோஜியையும் எடுத்தேன். முன்னும் பின்னும் இருந்த இடைவெளியோடு வார்த்தைக்கு 25, எமோஜிக்கு 2, ஆக 27 குறைந்தது. இப்போது 279, ஒன்று மிச்சம். ஆப்பில் அதே போஸ்ட் 182 என்கிறது. ஆப்காரர்களுக்கு நேற்றே எழுதினேன், பதில் இல்லை.

இன்னொன்று மட்டும் மிச்சம் சார். படத்தில் விலைக்குப் பக்கத்தில் 🪔 போட்டால் கட்டம் வருகிறது.

கோடம்பாக்கம்_பையன்

அது எமோஜி ஃபான்ட் போடவில்லை அக்கா. நோட்டோ கலர் எமோஜி போடுங்கள்.

கணக்குப்பிள்ளை

இந்தத் தடவை தம்பி சொல்வது சரி, ஆனால் அதோடு முடியாது. தமிழ் ஃபான்ட்டில் விளக்கு கிடையாது, ஃபோன் மாதிரி வேறு ஃபான்ட்டுக்குத் தாவுவதும் பில்லோவுக்குத் தெரியாது. ஒரே வரியைத் துண்டாக்கி, தமிழை ஒரு ஃபான்ட்டிலும் விளக்கை இன்னொன்றிலும் வரைந்து, எங்கே தொடங்க வேண்டும் என்று நாமே அளந்து வைக்க வேண்டும். அந்த எமோஜி ஃபான்ட்டின் வழக்கமான கோப்பு படங்களாலானது, 109 என்ற ஒரே அளவில்தான் திறக்கும், embedded_color=True கொடுக்க வேண்டும், அப்புறம் சுருக்கி ஒட்ட வேண்டும். ஒரு விளக்குக்காக இவ்வளவா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். விளக்குப் படம் ஒன்றை பி.என்.ஜி.யாக வைத்து ஒட்டுவது சுலபம்.

மயிலை_பொம்மைக்கடை

சித்தியிடம் கேட்டேன். "விலை தெரிஞ்சா போதும்டி, விளக்கு கடையிலயே இருக்கு" என்றுவிட்டார். எடுத்துவிட்டேன்.