புதுப்பிப்பு: 70 ரூபாய் பல்பு, ஆறு மாதம் கழித்து

அன்று கேட்டது: “எங்கள் 9 வாட்ஸ் எல்இடி பல்பை ‘மட்டமான சரக்கு’ என்கிறார்கள். விலையை ஏற்றாமல் இந்தக் கெட்ட பெயரை மாற்ற முடியுமா?”

முதலில் டிசைனர் நண்பர் சொன்னபடி பெட்டியைக் கறுப்பாக்கினோம். பார்க்க அழகுதான், ஆனால் விலை ஏறிவிட்டதென்று நினைத்து எடுத்ததைத் திரும்ப வைத்தார்கள். பிளம்பிங் பைப் விற்பவர், தன் பைப்பில் ஐஎஸ்ஐ முத்திரையே போதும் என்றார். பல்பிலும் பிஐஎஸ் பதிவு முத்திரை இருக்கிறது, யாரும் பார்ப்பதில்லை.

வழி காட்டியவர் ஹார்டுவேர் கடைக்கார அண்ணாச்சி. “வாரண்டி அட்டையை எவன் வச்சிருப்பான்? பல்பு மேலேயே மாசத்தை அடிங்க. மாத்திக் கொடுக்கிற பல்பு என் கடையிலேயே இருக்கணும்.”

சரி என்று பல்பின் கழுத்தில் பன்னிரண்டு மாதக் கட்டம் அச்சிட்டோம். விற்கும்போது கடைக்காரர் மார்க்கரால் குறிப்பார். 50 பல்பு அட்டைப்பெட்டியில் மாற்றிக் கொடுக்க 2 கூடுதல். கடைக்காரர்களுக்கான பரிசுத் திட்டத்தை நிறுத்தி அந்தச் செலவைச் சமாளித்தோம். ‘50,000 மணி நேரம்’ என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, ‘மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் போடாதீர்கள்’ என்று அச்சிட்டோம். சூடு வெளியேறாமல், உள்ளே கரண்டைச் சீராக்கும் டிரைவர் சர்க்யூட் சீக்கிரம் போய்விடும்.

இப்போது அண்ணாச்சி தானே எடுத்துக் கொடுக்கிறார். ஒரே பேட்சிலிருந்து எட்டு பல்பு திரும்பி வந்திருக்கின்றன. சால்டரா, கரண்ட் ஏற்ற இறக்கமா, இன்னும் பிடிபடவில்லை.